2023 ஐ 2024 ஆக்கிய இரவு: ஒரு பௌதிகவியல் சனலின் தலைப்புகளைத் திருத்திய கதை

2024 பெப்ரவரி முதல் வாரத்தில் ஒரு நாள் இரவு, எனக்கு உயர்தரப் பௌதிகவியல் படிப்பித்த சேரின் யூடியூப் சனலில் 41 வீடியோக்களின் தலைப்பை ஒரே சொடுக்கில் மாற்றினேன். அதில் 19 தலைப்புகள் அந்த நிமிடத்திலிருந்து பொய் சொல்லத் தொடங்கின. செய்தது நான்தான், வேறு யாரும் இல்லை. அதைச் சரிசெய்யப் போன இடத்தில்தான், பரீட்சை வீடியோவுக்குத் தலைப்பு, விவரிப்பு, குறிச்சொல் எல்லாம் எப்படி எழுதவேண்டும் என்று முதல்முறையாக உட்கார்ந்து யோசித்தேன்.

சனல் பெரியதில்லை. இலங்கை க.பொ.த உயர்தரப் பௌதிகவியல், தமிழ் மொழிமூலம், அப்போது ஏறக்குறைய 160 வீடியோக்கள். பாதி அலகு அலகாகப் போகும் தியறி, மீதி கடந்தகால வினாத்தாள் விளக்கம். சேர் கரும்பலகைக்கு முன்னால் நின்று படிப்பிப்பார், பதிவேற்றுவதும் தலைப்பு வைப்பதும் என் வேலை. தலைப்பு வைக்க எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்காது. அதுதான் பிரச்சினை என்று இப்போது தெரிகிறது.

நடந்தது இதுதான். 2023 உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரி 31 உடன் முடிந்தது. அடுத்து வருவது 2024 பெடியள். தியறி வீடியோக்களின் தலைப்பிலோ `2023 A/L` என்று நிற்கிறது, பார்க்கிற பிள்ளை "இது முடிந்துபோன பட்ச்சுக்குரியது" என்று கடந்துபோய்விடும். சரி, ஆண்டை மாற்றிவிடுவோம் என்று யூடியூப் ஸ்டூடியோவில் எல்லா வீடியோக்களையும் தெரிவுசெய்து, மொத்தமாகத் திருத்தும் வசதியில் தலைப்பை எடுத்து, தேடு: 2023, மாற்று: 2024 என்று கொடுத்தேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றேன். அந்த இடத்தில் மீளப்பெறும் பொத்தான் எதுவும் கிடையாது.

மறுநாள் காலையில் ஒரு பிள்ளை கீழே எழுதியிருந்தது: "சேர், 2024 பேப்பர் இன்னும் நடக்கவே இல்லையே, இது மாதிரி வினாத்தாளா?" அதற்குக் கீழே இன்னொருவர் "கெஸ் பேப்பர் போல" என்று பதில் போட்டிருந்தார். மத்தியானம் சேர் அழைத்தார். "தம்பி, நான் எப்ப 2024 பேப்பர் செய்தனான்?" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை.

மாறிய 41 இல் 22 தியறி, அவற்றுக்கு மாற்றம் சரி என்றே வைத்துக்கொள்வோம். 11 வீடியோக்கள் 2023 வினாத்தாளின் விளக்கம், பரீட்சை நடந்த சூட்டோடு போட்டவை. இன்னும் நடக்காத 2024 பரீட்சையின் வினாத்தாள் என்று அவை இப்போது சொல்லிக்கொண்டிருந்தன. மிச்ச எட்டுத்தான் வேடிக்கை. அவை 2022 உயர்தர வினாத்தாள். அந்தப் பரீட்சை நடந்தது 2023 ஜனவரி, பெப்ரவரியில் என்பதால், அப்போது நான் "2023 ஜனவரி பேப்பர்" என்று தலைப்பு வைத்திருந்தேன். அதாவது நான் கைவைக்குமுன்பே அவை பிழைதான், நான் அந்தப் பிழையின் மேல் இன்னொரு பிழையை ஏற்றிவைத்தேன்.

இலங்கைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த ஆண்டுக் குழப்பத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். 2019 வரை உயர்தரப் பரீட்சை ஓகஸ்டில் நடக்கும், ஆகவே பரீட்சையின் ஆண்டும் நாட்காட்டியின் ஆண்டும் ஒன்றுதான், யாரும் யோசிக்கத் தேவையில்லை. கொரோனா வந்து அந்த ஒழுங்கை உடைத்தது. 2020 பரீட்சை ஒக்டோபருக்குத் தள்ளிப்போய் அந்த ஆண்டுக்குள்ளேயே முடிந்தது. 2021 பரீட்சை 2022 பெப்ரவரியில் தொடங்கியது, 2022 இனது 2023 ஜனவரியில், 2023 இனது 2024 ஜனவரியில். 2024 பரீட்சைதான் அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் தொடங்கித் திரும்பவும் தன் ஆண்டுக்குள் வந்தது, அதுவும் மழை வெள்ளத்தால் இடையில் சில நாள் நின்று போனது. ஆக, 2021 முதல் 2023 வரையான மூன்று வினாத்தாள்களுக்கு மேலே அச்சிட்டிருக்கும் ஆண்டு ஒன்று, பிள்ளை மண்டபத்தில் உட்கார்ந்து எழுதிய ஆண்டு வேறொன்று.

இதற்கு மேல் பட்ச் கணக்கு. இங்கே பிள்ளையிடம் எந்த வகுப்பு என்று கேட்டால் தரம் 12, தரம் 13 என்று சொல்வது குறைவு. "நான் 2026" என்றுதான் சொல்லும், எழுதப்போகும் பரீட்சையின் ஆண்டு அது. ரியூசன் நோட்டீஸிலும் 2026 தியறி, 2025 ரிவிஷன் என்றுதான் போடுவார்கள். முதல்தடவை சரிவராமல் திரும்ப எழுதும் பிள்ளை அடுத்த ஆண்டு பட்ச்சோடு சேர்ந்துகொள்ளும், அதன் எண்ணும் மாறிவிடும். தலைப்பில் தனியே `2023` என்று நின்றால் அது வினாத்தாளின் ஆண்டாக இருக்கலாம், பரீட்சை நடந்த ஆண்டாக இருக்கலாம், யாருக்கான வீடியோ என்பதைச் சொல்லும் பட்ச் ஆண்டாகவும் இருக்கலாம். என் தலைப்புகளில் மூன்றும் இருந்தன, எது எது என்று எனக்கே தெரியாது. கணினி நான் சொன்னதைத்தான் செய்தது. எந்த 2023 என்று நான் அதற்குச் சொல்லவே இல்லை.

மீட்டெடுத்தது கையால்தான். முகப்புப் படங்களில் ஆண்டு எழுத்தாக இல்லாமல் படமாகப் பதிந்திருந்ததால் தேடு-மாற்று அவற்றைத் தொடவில்லை, அதில் பன்னிரண்டு, பதின்மூன்று வீடியோ தப்பியது. படத்திலும் ஆண்டு இல்லாதவற்றுக்கு, ஸ்டூடியோவின் விபரப் பக்கத்தில் பதிவேற்றிய கோப்பின் பழைய பெயர் அப்படியே இருக்கும் என்பது உதவியது. `phy_2022_p1_q11-20.mp4` என்று அப்போது பெயர் வைத்த எனக்கு நானே நன்றி சொல்லிக்கொண்டேன். இரண்டு வீடியோக்களுக்கு இரண்டு வழியும் இல்லை. வினாத்தாளை மேசையில் விரித்துவைத்து, சேர் வாசிக்கும் முதல் வினாவோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

அதன்பிறகு நாங்கள் எடுத்த முடிவு ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை: மாறாத ஆண்டு வீடியோவின் தலைப்பில் நிற்கலாம், மாறும் ஆண்டுக்கு அங்கே இடமில்லை. 2022 வினாத்தாள் என்றைக்கும் 2022 வினாத்தாள்தான், ஆகவே அது தலைப்பின் தொடக்கத்திலேயே வரும். யாருக்கான வீடியோ என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவது, அது பிளேலிஸ்ட்டின் பெயருக்குப் போகும். தியறி வீடியோவின் தலைப்பில் ஆண்டே கிடையாது. "புதுசு என்று தெரியாதே, பெடியள் பழையது என்று நினைப்பாங்கள்" என்று சேருக்கு முதலில் சம்மதமில்லை. அவர் பயம் நியாயமானது. அந்த வேலையைத்தான் `2025 A/L Physics தியறி` போன்ற பிளேலிஸ்ட் செய்கிறது. பட்ச் மாறும்போது மாற்றவேண்டியது பிளேலிஸ்ட்டின் பெயர் மட்டும்.

வினாத்தாளின் ஆண்டு எது, பரீட்சை நடந்த ஆண்டு எது என்பதை விவரிப்பின் முதல் வரிகள் சொல்கின்றன. இதுதான் இப்போதைய வடிவம்:

```
2022 உயர்தரம், பௌதிகவியல் I, தமிழ் மொழிமூலம்
பரீட்சை நடந்தது: 2023 ஜனவரி - பெப்ரவரி
பாடத்திட்டம்: புதியது (முதற்பரீட்சை 2019)
```

இரண்டாவது வரி சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் "2023 ஜனவரி பேப்பர்" என்று ஞாபகம் வைத்திருக்கும் பிள்ளை தேடிவந்தாலும் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அதைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளும். மூன்றாவது வரி 2019 க்காக. அந்த ஆண்டு புதிய பாடத்திட்டத்தின் முதல் பரீட்சை, பழைய பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்குத் தனி வினாத்தாள். ஆக, "2019 பௌதிகவியல் வினாத்தாள்" என்று மட்டும் எழுதினால் அது எந்தத் தாள் என்று யாருக்கும் தெரியாது. 2019 க்குப் பக்கத்தில் பழைய, புதிய என்ற சொல் தலைப்பிலேயே வரவேண்டும். ஒரே தாள் மட்டும் இருந்த ஆண்டுகளுக்கு விவரிப்பில் இருந்தால் போதும்.

சரி, ஆண்டு முடிந்தது. பாடத்தின் பெயரில் இன்னொரு சங்கடம் காத்திருந்தது, அதை ஸ்டூடியோவின் பகுப்பாய்வில் தற்செயலாகத்தான் கண்டேன். ஒரு வீடியோவுக்கு வந்தவர்கள் யூடியூப் தேடலில் என்ன தட்டினார்கள் என்ற பட்டியலை அங்கே பார்க்கலாம், ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதும் இருக்கும். அலகு 2 இன் வீடியோக்களுக்குத் தலைப்பு "பொறியியல், பகுதி 1", "பொறியியல், பகுதி 2" என்று வைத்திருந்தேன். நம் பாடத்திட்டத்தில் அந்த அலகின் பெயர் பொறியியல், பிழையே இல்லை, விசை, உந்தம், வட்ட இயக்கம் எல்லாம் அதற்குள்தான். ஆனால் தமிழ்நாட்டில் பொறியியல் என்றால் எஞ்சினியரிங். போதாததற்கு இலங்கையிலேயே தொழினுட்பப் பிரிவில் பொறியியல் தொழினுட்பவியல் என்று ஒரு உயர்தரப் பாடம் இருக்கிறது. பொறியியல் கல்லூரிக் கலந்தாய்வு பற்றித் தேடியவர்களும் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகளும் வந்து, சேர் சாய்தளத்தில் ஒரு பெட்டியை வரைந்து முடிக்குமுன் போய்விட்டார்கள். பார்வை எண்ணிக்கை நன்றாகவே இருந்தது, அதனால்தான் இவ்வளவு நாள் எனக்குத் தெரியவில்லை. பார்த்த நேரத்தின் வரைபடம் முதல் அரை நிமிடத்திலேயே செங்குத்தாக விழுந்திருந்தது. உள்ளடக்கம் சலிப்பாக இருந்தால் கோடு மெல்ல மெல்லச் சரியும். இப்படி வாசலிலேயே விழுந்தால், தலைப்பு ஒன்றைச் சொல்லி வீடியோ வேறொன்றைக் காட்டுகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

அழுத்தமானி இதைவிட மோசம். எங்களுக்கு அழுத்தம் என்றால் மின் அழுத்தம், ஆகவே அழுத்தமானி என்பது ஓட்ட மின்னியலில் வரும் நீளமான கம்பிக் கருவி. தமிழ்நாட்டுப் பாடநூலில் அதே கருவி மின்னழுத்தமானி. எங்கள் அமுக்கம்தான் அவர்களுடைய அழுத்தம். ஆக, எங்கள் அழுத்தமானி வீடியோ அவர்களுக்குத் திரவத்தின் அழுத்தத்தை அளக்கும் கருவியாகத் தோன்றும். இதைச் சேரிடம் சொன்னபோது சிரித்தார், "அப்ப இந்தியாப் பெடியளுக்கும் படிப்பிப்பமே?" என்றார். அது வேண்டாம் என்று நான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பாடத்திட்டம் வேறு, வினா கேட்கும் முறை வேறு. இரண்டு நாட்டுச் சொல்லையும் ஒரே தலைப்பில் திணித்தால் இரண்டு பக்கத்துப் பிள்ளைக்கும் அது தனக்கானது என்று தெரியாது. எங்கள் பாடநூலில் உள்ள சொல்தான் தலைப்பில். அதோடு அதே விஷயத்தின் ஆங்கிலச் சொல், ஏனென்றால் எங்கள் பெடியள் தேடுவது அப்படித்தான். தேடல் பட்டியலில் அதிகம் நின்றவை `al physics tamil medium`, `potentiometer tamil`, `2022 al physics paper tamil` போன்றவை. பௌதிகவியல் என்று தமிழில் தட்டியவர்கள் குறைவு. `tamil medium` என்ற இரண்டு சொல் பெரிய வேலை செய்கிறது. `al physics` என்று மட்டும் தேடினால் சிங்கள மொழிமூல வீடியோக்கள்தான் கொட்டும், அதற்குள் எங்களுடையதைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சொல்தான். அதேபோல `A/L` இருந்தால் தமிழ்நாட்டுப் பிளஸ் டூப் பிள்ளை இது தனக்கில்லை என்று தெரிந்து விலகிவிடும், யாருக்கும் நேரம் வீணில்லை.

தியறித் தலைப்பு கடைசியில் இப்படி நின்றது:

```
அழுத்தமானி Potentiometer | A/L Physics அலகு 8 ஓட்ட மின்னியல் | Tamil Medium
```

இது 75 குறி. யூடியூப் தலைப்புக்கு 100 வரை இடம் தருகிறது, ஆனால் தமிழில் அது வேகமாகத் தீர்ந்துவிடும், ஏனென்றால் விசிறியும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். மின்னியல் நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது. போனில் பார்க்கும்போது தலைப்பின் வால் வெட்டுப்படும், அதனால்தான் பிள்ளை தேடும் சொல் முன்னால், அலகு நடுவில், எல்லா வீடியோவுக்கும் பொதுவான சொல் கடைசியில். முன்பு நான் சேரின் பெயரையும் சனலின் பெயரையும் தலைப்பின் முன்னால் வைத்திருந்தேன். போனில் 160 வீடியோவும் ஒரே வீடியோ போலத் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு விசித்திரமான விஷயத்தைச் சொல்லவேண்டும். பழைய தலைப்புகளைத் திருத்த ஸ்டூடியோவில் "பௌதிகவியல்" என்று வடிகட்டினேன், எதிர்பார்த்ததில் பாதிதான் வந்தது. மற்ற தலைப்புகளிலும் அந்தச் சொல் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் தேடலில் அகப்படவில்லை. ஒரு மணித்தியாலம் எழுத்துருவைக் குறை சொன்னபிறகு இதை ஓட்டிப் பார்த்தேன்:

```python
for s in ["பௌதிகவியல்", "பெளதிகவியல்"]:
    print(len(s), [hex(ord(c)) for c in s[:3]])
# 10 ['0xbaa', '0xbcc', '0xba4']
# 11 ['0xbaa', '0xbc6', '0xbb3']
```

முதலாவதில் ஔகாரக் குறி ஒரே குறியாக இருக்கிறது. இரண்டாவதில் நான் பெ போட்டு, பக்கத்தில் ளகர எழுத்தை முழுதாகத் தட்டியிருக்கிறேன். வாசித்தால் அது பெ-ள-தி-க-வி-யல். சில எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஔகாரத்தை இரண்டு துண்டாகச் சேமிக்கும் இன்னொரு முறையும் யூனிகோடில் உண்டு, அதைச் சீராக்கும் வழி மென்பொருள்களில் இருக்கிறது, ஆனால் ளகரம் தட்டினால் அது சுத்தமாக வேறு சொல், எந்தச் சீராக்கமும் சேர்த்துவைக்காது. நான் மட்டும் செய்த பிழை இல்லை இது, பெடியளில் நிறையப் பேர் தட்டுவதும் அப்படித்தான். ஆகவே தலைப்பிலும் விவரிப்பிலும் சரியான வடிவம், குறிச்சொல் பெட்டியில் பிழையான வடிவம் என்று வைத்தோம். குறிச்சொற்களுக்கு யூடியூப் தருவது மொத்தம் 500 குறி. அடிக்கடி பிழையாகத் தட்டப்படும் சொற்களுக்கு அவை உதவும், அதைத் தாண்டி அவற்றின் பங்கு மிகக் குறைவு என்று யூடியூப்பே சொல்கிறது. முன்பு நான் அந்தப் பெட்டியை 2018 முதல் 2025 வரை எல்லா ஆண்டும் போட்டு நிரப்பிவைப்பேன். இப்போது ஆறேழு சொல்தான், எல்லாம் எழுத்துப் பிழைகளும் `AL`, `A/L`, `advanced level` போன்ற மாற்று வடிவங்களும்.

வீடியோவின் வகையைக் கல்வி என்று வைத்தால் பாட வகை, கல்வி முறை, நிலை, பரீட்சை என்று ஸ்டூடியோவில் சில பெட்டிகள் கூடுதலாகத் திறக்கும். பொருந்துவதை நிரப்பி வைத்திருக்கிறேன். ஆனால் தேடல் முடிவுகளில் பிள்ளை பார்ப்பது தலைப்பையும் படத்தையும்தான், ஆகவே அந்தப் பெட்டியை நம்பித் தலைப்பில் நிலையை விட்டுவிடக்கூடாது.

இவ்வளவையும் ஒரு விரிதாளுக்குக் கொண்டுவந்தோம். ஒரு வரிக்கு ஒரு வீடியோ. அலகு எண், தலைப்புச் சொல், வினாத்தாளின் ஆண்டு, பரீட்சை நடந்த மாதம், பழைய பாடத்திட்டமா புதியதா, பகுதி I ஆ II ஆ, வினா எண், எந்தப் பிளேலிஸ்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிரல். தலைப்பை யாரும் கையால் எழுதுவதில்லை, நிரல்களைக் கோத்து விரிதாளே எழுதித்தரும், நான் ஒட்டுகிறேன். இப்போது தனியே ஆண்டு என்று மட்டும் பெயர் வைத்த நிரலே கிடையாது, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எந்த ஆண்டு என்று சொல்லாமல் அதில் ஒரு எண்ணையும் போட முடியாது. 2025 பரீட்சை வந்தபோது இது உதவியது. நவம்பரில் தொடங்கி, டித்வா புயலால் இடையில் நின்று, மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. பழைய நான் என்றால் சில வீடியோவுக்கு 2025, சிலவற்றுக்கு 2026 என்று வைத்திருப்பேன்.

பகுதி I இல் 50 பல்தேர்வு வினா. பிள்ளை தேடுவது பெரும்பாலும் முழுத் தாளையும் இல்லை, தனக்குப் பிழைத்த 37 ஆவது வினாவைத்தான். ஆகவே பத்துப் பத்து வினாவாக ஐந்து வீடியோ, ஒவ்வொன்றின் விவரிப்பிலும் வினாவுக்கொரு நேரக்குறி. முதல் குறி 0:00 ஆக இருக்கவேண்டும், குறைந்தது மூன்று குறி வேண்டும், ஒவ்வொரு துண்டும் பத்து விநாடிக்காவது நீளவேண்டும், இல்லாவிட்டால் யூடியூப் அவற்றை அத்தியாயமாக எடுக்காது. நேரக்குறிக்குப் பக்கத்தில் "வினா 37" என்று மட்டும் எழுதாமல் "வினா 37, டொப்ளர் விளைவு" என்று அலகின் சொல்லையும் சேர்த்தோம். தியறி படித்துவிட்டு அந்தத் தலைப்பில் வினா தேடும் பிள்ளைக்கும் அது உதவுகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபிறகு ஒரு பிள்ளை எழுதியது: "சேர் 2023 பெடியளுக்கு என்று சொல்றார், எங்களுக்கும் இது சரிவருமா?" போய்ப் பார்த்தேன். தலைப்பில் ஆண்டை எடுத்துவிட்டோம், ஆனால் தியறி வீடியோக்களில் சேர் வாயைத் திறந்ததும் "வணக்கம் 2023 பிள்ளைகள்" என்றுதான் தொடங்குகிறார். ஸ்டூடியோவின் திருத்தியில் அந்த முதல் ஒன்பது விநாடியை வெட்டினேன். இணைப்பு அதேதான், பார்வை எண்ணிக்கையும் அப்படியே இருந்தது. ஆனால் விவரிப்பில் உள்ள நேரக்குறிகள் தாமாக நகராது. அன்று இரவு 22 வீடியோக்களில், 0:00 ஐத் தவிர ஒவ்வொரு குறியிலிருந்தும் ஒன்பது விநாடியைக் கழித்துக்கொண்டிருந்தேன், கையால், ஒவ்வொன்றாக. மொத்தமாகத் திருத்தும் பொத்தான் பக்கம் போகவில்லை.